"உறுதி செய்" அழுத்திய பிறகு ஆட்கள் காணாமல் போகிறார்கள்: பட்டனில் என்ன எழுதுவது?

தாள்மடிப்பு எழுதியது:

வணக்கம். நோட்டுப் புத்தகம், பேனா, காகிதம் விற்கும் சின்ன ஆன்லைன் கடை என்னுடையது. கூடைக்குப் பிறகு மூன்று பக்கம் வரும். முதல் பக்கத்தில் முகவரி, கீழே "உறுதி செய்" பட்டன். இரண்டாவது பக்கத்தின் தலைப்பு "உங்கள் ஆர்டர் விவரம்". பொருட்களின் பட்டியல், முகவரி, மொத்தத் தொகை எல்லாம் அங்கே இருக்கும், கடைசியில் "தொடரவும்" பட்டன். மூன்றாவது பக்கத்தில் பணம் செலுத்தும் முறை, "சமர்ப்பி" பட்டன்.

போன நாலு வாரக் கணக்கைப் பார்த்தேன். முகவரிப் பக்கத்தில் "உறுதி செய்" அழுத்தியவர்கள் 312 பேர். இரண்டாவது பக்கத்தில் "தொடரவும்" அழுத்தியவர்கள் 187. பணம் செலுத்தி முடித்தவர்கள் 161.

நடுப்பக்கத்தில் ஒரு கட்டமும் நிரப்ப வேண்டியதில்லை. படித்துவிட்டு ஒரு பட்டன் அழுத்தினால் போதும். அங்கே எப்படி 125 பேர் போய்விடுகிறார்கள்? பட்டன் நீல நிறத்தில் இருக்கிறது. பச்சையாக்கிப் பார்க்கலாமா, இல்லை "சீக்கிரம், இருப்பு குறைவு" என்று ஏதாவது எழுதலாமா?

---

குறுக்குவழி எழுதியது:

மூன்று பக்கம் எதற்கு? எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் கொஞ்சம் பேர் உதிரத்தான் செய்வார்கள். அப்புறம் "தொடரவும்" ஒரு செத்த வார்த்தை. "இப்போதே வாங்கு" என்று போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். நிறம் ஆரஞ்சு.

---

படிவக்காரி எழுதியது:

தாள்மடிப்பு, நிறத்தைத் தொடுவதற்கு முன் இரண்டு விஷயம் சொல்லுங்கள்.

அந்த 125 பேர் நடுப்பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தார்கள்? திரும்பி முகவரிப் பக்கத்துக்கோ கூடைக்கோ போனார்களா, இல்லை அப்படியே மூடினார்களா?

இன்னொன்று. "என் ஆர்டர் இன்னும் வரவில்லை" என்று கேட்டு வரும் மின்னஞ்சல்களில், உங்கள் கணக்கில் இல்லவே இல்லாத ஆர்டர் ஏதாவது உண்டா?

---

தாள்மடிப்பு எழுதியது:

முதல் கேள்விக்கு: பெரும்பாலானோர் அரை நிமிடத்துக்குள் மூடியிருக்கிறார்கள். திரும்பிப் போனவர்கள் ரொம்பக் குறைவு.

இரண்டாவது கேள்வி என்னை உட்கார வைத்துவிட்டது. பழைய மின்னஞ்சல்களைத் தேடினேன். இரண்டு மாதத்தில் ஏழு பேர் அப்படிக் கேட்டிருக்கிறார்கள். "வேறு கடையில் வாங்கிவிட்டு நம்மைக் கேட்கிறார்கள் போல" என்று நினைத்து, "உங்கள் பெயரில் ஆர்டர் இல்லை" என்று ஒரு வரியில் பதில் போட்டிருக்கிறேன். இப்போது அந்த ஏழு முகவரிகளையும் பாதியில் நின்ற கூடைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஐந்து பேர் அங்கே இருக்கிறார்கள். ஐந்துமே நடுப்பக்கத்தில் நின்றவை.

---

படிவக்காரி எழுதியது:

அப்படியானால் அவர்கள் மனம் மாறிப் போனவர்கள் இல்லை. வாங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு போனவர்கள்.

அவர்கள் கண்ணால் பாருங்கள். முகவரியைத் தட்டச்சு செய்து முடித்து "உறுதி செய்" அழுத்துகிறார். எதை உறுதி செய்வது என்று பட்டன் சொல்லவில்லை. நீங்கள் முகவரியை என்று நினைத்து எழுதினீர்கள், அவர் ஆர்டரை என்று எடுத்துக்கொள்கிறார். அடுத்த கணம் வரும் பக்கத்தின் தலைப்பு "உங்கள் ஆர்டர் விவரம்". கீழே பொருள், முகவரி, தொகை. வாங்கி முடித்த பிறகு எல்லாக் கடையும் காட்டும் நன்றிப் பக்கம் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். "தொடரவும்" பட்டனோ பட்டியலுக்கும் கீழே. மொபைலில் நாலு பொருள் வாங்கியவருக்கு அது திரையிலேயே தெரியாது. தெரிந்தாலும், மேற்கொண்டு கடையில் உலாவுவதற்கான பட்டன் என்று நினைக்க இடம் இருக்கிறது.

"பணம் கட்டவில்லையே, அது கூடவா தெரியாது?" என்று கேட்பீர்கள். கார்டைச் சேமித்து வைத்திருக்கும் கடைகளிலும், பொருள் வந்த பிறகு பணம் கொடுக்கும் கடைகளிலும் வாங்கிப் பழகியவருக்கு அது உறுத்தாது.

நான் செய்வது இது:

முகவரிப் பக்கப் பட்டன்: "ஆர்டரைச் சரிபார்க்கச் செல்". அதன் அடியில் சின்ன எழுத்தில்: "இப்போது பணம் எடுக்கப்படாது."

நடுப்பக்கத் தலைப்பு: "சரிபாருங்கள், ஆர்டர் இன்னும் முடியவில்லை". பட்டன் பட்டியலுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டிலும் ஒரே எழுத்து: "பணம் செலுத்தும் பக்கத்துக்குச் செல்".

கடைசிப் பக்கப் பட்டனில் தொகையும் வர வேண்டும்: "இத்தனை ரூபாய் செலுத்தி ஆர்டர் செய்" என்பது போல. "சமர்ப்பி" வேண்டாம். அது கடையில் யாரும் சொல்லும் வார்த்தை இல்லை, விண்ணப்பம் கொடுக்கும் இடத்து வார்த்தை. கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்ற தொனி அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பட்டனை எழுதும்போது நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். பக்கத்தில் மற்ற எல்லாவற்றையும் கையால் மறைத்துவிட்டு பட்டனை மட்டும் படிப்பேன். அழுத்தினால் என்ன நடக்கும், பணம் போகுமா போகாதா என்பது அதிலிருந்தே தெரிய வேண்டும். "உறுதி செய்", "தொடரவும்", "சமர்ப்பி" மூன்றும் இந்தச் சோதனையில் தோற்கும்.

கடைசிப் பட்டன் பற்றி இன்னொன்று: ஐரோப்பிய ஒன்றியத்தில் இது சட்டம். 2011/83/EU என்ற நுகர்வோர் உரிமை ஆணை 2014 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது. அழுத்தினால் பணம் கொடுக்கும் கடமை வருகிறது என்பது பட்டனிலேயே ஐயமில்லாமல் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்த ஆர்டர் வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது.

---

குறுக்குவழி எழுதியது:

ஒரு நிமிடம். "தொடரவும்" தோற்கும் என்கிறீர்கள், ஆனால் உலகத்திலேயே பிரபலமான பட்டன் கதை நேர் எதிராகச் சொல்கிறதே. இணையதளங்களின் பயன்பாட்டை ஆராயும் ஜாரெட் ஸ்பூல் 2009-ல் எழுதிய 30 கோடி டாலர் பட்டன். ஒரு பெரிய கடையில் "பதிவு செய்" பட்டனை எடுத்துவிட்டு "தொடரவும்" போட்டார்கள். வாங்கி முடித்தவர்கள் 45 சதவீதம் கூடினார்கள். முதல் ஆண்டில் 30 கோடி டாலர் கூடுதல் விற்பனை. வார்த்தை ஒன்றுதான், "Continue".

---

படிவக்காரி எழுதியது:

எண்கள் சரி, முடிவு பாதிதான் சரி. அந்தக் கதையில் பட்டனை மட்டும் மாற்றவில்லை. முன்பு இருந்தது மின்னஞ்சல், கடவுச்சொல் என்று இரண்டு கட்டம், "உள்நுழை", "பதிவு செய்" என்று இரண்டு பட்டன், கடவுச்சொல் மறந்தவர்களுக்கு ஓர் இணைப்பு. அவ்வளவுதான். புதிதாக வந்தவர்கள் "நான் பொருள் வாங்க வந்தேன், உறவு கொண்டாட இல்லை" என்கிற மாதிரி எரிச்சல்பட்டார்கள். பழையவர்களுக்கோ எந்த மின்னஞ்சலில் பதிவு செய்தோம் என்பதே நினைவில்லை.

மாற்றியபோது பட்டனோடு ஒரு சிறு பத்தியும் சேர்த்தார்கள்: வாங்குவதற்குக் கணக்குத் தேவையில்லை, தொடரவும் என்பதை அழுத்தினால் போதும், வேண்டுமென்றால் பிறகு கணக்குத் தொடங்கிக்கொள்ளலாம் என்ற பொருளில். வேலை செய்தது அந்தப் பத்தியும், கட்டாயப் பதிவை எடுத்ததும்தான். பட்டன் அதற்கு வழிவிட்டது. அதே "தொடரவும்" தாள்மடிப்பின் நடுப்பக்கத்தில் பக்கத்தில் ஒரு வாக்கியம்கூட இல்லாமல் தனியாக நிற்கிறது. அங்கே அதற்கு எதையும் சொல்லும் சக்தி இல்லை.

நீங்கள் சொன்ன "இப்போதே வாங்கு" இன்னும் மோசம். முகவரிப் பக்கத்தில் அதைப் போட்டால், அழுத்தியவர் வாங்கியே விட்டதாக நினைப்பார்.

---

குறுக்குவழி எழுதியது:

சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே பக்கம் என்றால் இந்தக் குழப்பமே வராதே. அதில் நான் உறுதி.

---

படிவக்காரி எழுதியது:

வராது என்பது உண்மை. ஆனால் தப்பான முகவரிக்குப் பொருள் போய்த் திரும்பி வருவதைக் குறைக்கிறது அந்தச் சரிபார்ப்புப் பக்கம். எது அதிகச் செலவு என்பது கடைக்குக் கடை மாறும். இரண்டும் நன்றாக ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.

---

மழைக்கால் நாற்காலி எழுதியது:

எனக்கும் இதே பிரச்சினை! பணம் கழிந்துவிட்டது என்று வங்கியிலிருந்து செய்தி வருகிறது, ஆனால் கடையில் ஆர்டர் பதிவாகவில்லை. போன வாரம் மூன்று பேர் சண்டைக்கே வந்துவிட்டார்கள். பட்டனில் என்ன எழுதினால் இது சரியாகும்?

---

அரைப்புள்ளி எழுதியது:

நாற்காலி, அது வேறு வியாதி. பணம் வாங்கும் நிறுவனம் "வந்துவிட்டது" என்று உங்கள் சர்வருக்குத் தனியாகச் சொல்லும் செய்தியை நீங்கள் கவனிக்காமல், வாங்குபவரின் உலாவி திரும்பி வருவதை மட்டும் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவர் நடுவில் மூடிவிட்டால் உங்களுக்குத் தகவலே வராது. தனி இழை போடுங்கள், அங்கே பேசலாம். எழுத்தால் கொஞ்சம் உதவலாம்: அழுத்திய உடனே பட்டன் "பணம் செலுத்தப்படுகிறது, மூட வேண்டாம்" என்று மாற வேண்டும். இல்லையென்றால் இன்னொரு முறை அழுத்துவார்கள்.

---

ஒலிவழி எழுதியது:

நான் திரைவாசிப்பான் வைத்துத்தான் எல்லாக் கடையிலும் வாங்குகிறேன். தாள்மடிப்பு, உங்கள் சரிபார்ப்புப் பக்கத்தில் முகவரிக்கு, எண்ணிக்கைக்கு, டெலிவரிக்கு என்று திருத்தும் பட்டன்கள் இருக்கும் இல்லையா? அவற்றில் என்ன எழுதியிருக்கிறது?

---

தாள்மடிப்பு எழுதியது:

மூன்றிலும் "மாற்று".

---

ஒலிவழி எழுதியது:

நினைத்தேன். பட்டனிலிருந்து பட்டனுக்குத் தாவிக்கொண்டு போகும்போது எனக்குக் கேட்பது இதுதான்: "மாற்று, பட்டன். மாற்று, பட்டன். மாற்று, பட்டன். தொடரவும், பட்டன்." எதை மாற்றுவது, எங்கே தொடர்வது என்று தெரியாது. பார்ப்பவர்களுக்குப் பக்கத்திலிருக்கும் எழுத்து உதவும், எனக்குப் பட்டனின் பெயர் மட்டும்தான் உதவும். படிவக்காரி சொன்ன கையால் மறைக்கும் சோதனையில்தான் நான் தினமும் இருக்கிறேன்.

---

அரைப்புள்ளி எழுதியது:

இதற்கு aria-label போட்டால் போதுமே. கண்ணுக்கு "மாற்று", வாசிப்பானுக்கு முழுப்பெயர்:

```html
<button aria-label="டெலிவரி முகவரியைத் திருத்து">மாற்று</button>
```

---

ஒலிவழி எழுதியது:

அது எனக்குச் சரியாகும், என் நண்பருக்கு ஆகாது. அவர் குரலால் கணினியை இயக்குபவர். திரையில் தெரியும் "மாற்று" என்பதைச் சொல்லுவார். உங்கள் பட்டனின் உள்பெயரில் அந்தச் சொல்லே இல்லை, "திருத்து" என்று இருக்கிறது. எதுவும் நடக்காது. கண்ணுக்குத் தெரியும் எழுத்து உள்பெயருக்குள்ளும் இருக்க வேண்டும் என்று, இணையத்தை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான WCAG 2.1 வழிகாட்டியில் 2.5.3 என்ற விதியே இருக்கிறது. எதற்கு வம்பு, எல்லோருக்கும் தெரியும்படி எழுதிவிடுங்கள்:

```html
<button type="button">முகவரியை மாற்று</button>
```

இடம் ஒன்றும் பெரிதாகப் போகாது.

---

கடைசிப்பேருந்து எழுதியது:

நான் வாங்குகிற கட்சி. என்னைத் துரத்துவது பட்டன் இல்லை, தொலைபேசி எண் கட்டம். நோட்டு வாங்க என் எண் எதற்கு? அதைக் கட்டாயம் என்று சிவப்பு நட்சத்திரம் போட்டிருந்தால் நான் அப்போதே மூடிவிடுவேன். சில சமயம் பத்து முறை ஒன்பதை அடித்துவிட்டுப் போவேன்.

---

குறுக்குவழி எழுதியது:

அந்தக் கட்டத்தையே எடுத்துவிடலாம். மின்னஞ்சல் இருக்கிறதே.

---

தாள்மடிப்பு எழுதியது:

எடுக்க முடியாது. பொருள் கொண்டுபோகும் நிறுவனம் எண் இல்லாமல் பார்சலை எடுப்பதில்லை.

---

படிவக்காரி எழுதியது:

அப்படியென்றால் அதையே எழுதுங்கள். கட்டத்துக்கு மேலே "தொலைபேசி எண்", அதன் அடியில்: "பார்சல் கொண்டு வருபவர் உங்களை அழைக்க மட்டும்." காரணம் தெரிந்தால் கொடுப்பவர்கள் நிறைய. அந்த வரியைக் கட்டத்துக்கு உள்ளே சாம்பல் எழுத்தில் போடாதீர்கள். முதல் இலக்கத்தை அடித்ததும் அது மறைந்துவிடும். சந்தேகம் வந்து திரும்பிப் பார்ப்பவருக்குக் காரணம் கண்ணில் படாது.

ஒரு நிபந்தனை. "மட்டும்" என்று எழுதினால் அது உண்மையாக இருக்க வேண்டும்.

---

தாள்மடிப்பு எழுதியது:

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். தள்ளுபடி வரும்போது அந்த எண்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறோம். அதில் ஓரளவு விற்பனையும் வருகிறது.

---

கடைசிப்பேருந்து எழுதியது:

இதனால்தான் ஒன்பது.

---

படிவக்காரி எழுதியது:

குறுஞ்செய்திக்குத் தனியாக ஒரு டிக் பெட்டி வையுங்கள், முன்கூட்டியே டிக் போடாமல். "தள்ளுபடி வரும்போது குறுஞ்செய்தி அனுப்புங்கள்" என்று வாங்குபவர் சொல்வதுபோல எழுதுங்கள். டிக் போடுபவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள், அதை மறைக்கவில்லை. எது லாபம் என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஆனால் இரண்டையும் வைத்துக்கொண்டு "மட்டும்" என்று எழுத வேண்டாம்.

---

தாள்மடிப்பு எழுதியது (மூன்று வாரம் கழித்து):

தொலைபேசி விஷயத்தை இன்னும் தொடவில்லை, வீட்டிலேயே அதில் இரண்டு கருத்து. பட்டன்களையும் நடுப்பக்கத் தலைப்பையும் படிவக்காரி சொன்னபடி மாற்றினேன். "மாற்று" மூன்றும் முழுப்பெயர் ஆகிவிட்டன.

மூன்று வாரக் கணக்கு: முகவரிப் பக்கத்தைத் தாண்டியவர்கள் 240. நடுப்பக்கத்தைத் தாண்டியவர்கள் 201. பணம் செலுத்தியவர்கள் 143.

முன்பு நூற்றுக்கு 60 பேர் நடுப்பக்கத்தைத் தாண்டினார்கள், இப்போது 84. ரொம்ப சந்தோஷப்பட்டேன். பிறகு கடைசி எண்ணைப் பார்த்தேன். பணம் செலுத்தியவர்கள் நூற்றுக்கு 52-லிருந்து 60 ஆகத்தான் ஏறியிருக்கிறார்கள். அதாவது பணம் செலுத்தும் பக்கத்தில் முன்பைவிட அதிகம் பேர் விழுகிறார்கள். 187-ல் 26 பேர் போனது போய், இப்போது 201-ல் 58 பேர். பட்டனில் தொகை போட்டது பயமுறுத்துகிறதா?

---

படிவக்காரி எழுதியது:

முதலில் கணக்கு. 60-லிருந்து 84 என்ற தாவல் இந்த எண்ணிக்கையில் தற்செயலாக வருவது கடினம், அதை நம்பலாம். 52-லிருந்து 60 என்பது அவ்வளவு உறுதி இல்லை, இன்னும் சில வாரம் போகட்டும். முன்னும் பின்னும் ஒப்பிடுகிறோமே தவிர ஒரே நேரத்தில் இரண்டையும் பாதிப்பாதிப் பேருக்குக் காட்டவில்லை என்பதும் இருக்கிறது.

இப்போது அந்த 58 பேர். நடுப்பக்கத்தில் "மொத்தம்" என்று காட்டும் தொகையும் கடைசிப் பட்டனில் வரும் தொகையும் ஒன்றுதானா?

---

தாள்மடிப்பு எழுதியது:

இல்லை. டெலிவரி கட்டணம் கடைசிப் பக்கத்தில்தான் சேரும். முன்பு அது ஓரமாகச் சின்ன எழுத்தில் இருந்தது, இப்போது பட்டனிலேயே பெரிதாகத் தெரிகிறது.

---

படிவக்காரி எழுதியது:

பட்டன் பயமுறுத்தவில்லை, நடுப்பக்கத்தின் "மொத்தம்" பொய் சொன்னதைப் பட்டன் காட்டிக்கொடுத்துவிட்டது. முகவரி முதல் பக்கத்திலேயே கிடைத்துவிட்டதால் கட்டணத்தை நடுப்பக்கத்திலேயே கணக்கிட முடியும். "பொருட்கள்", "டெலிவரி", "செலுத்த வேண்டிய மொத்தம்" என்று மூன்று வரியாகப் போடுங்கள். "மொத்தம்" என்ற சொல்லைக் கடைசி வரியைத் தவிர வேறெங்கும் வைக்காதீர்கள். எதிர்பாராத கூடுதல் செலவுதான் ஆட்கள் பாதியில் போவதற்கு முதல் காரணம் என்று, ஆன்லைன் கடைகளை ஆராயும் பேமார்ட் நிறுவனத்தின் கருத்துக்கணிப்புகளில் ஆண்டுக்கு ஆண்டு வருகிறது. நடுப்பக்கத்திலும் கொஞ்சம் பேர் போவார்கள். கட்டணம் அதிகம் என்று நினைப்பவரை எந்த எழுத்தாலும் நிறுத்த முடியாது.

---

அரைப்புள்ளி எழுதியது:

ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. பொருள் வந்த பிறகு பணம் கொடுப்பதையும் தாள்மடிப்பு அனுமதித்தால் "செலுத்தி ஆர்டர் செய்" என்பது தவறு. தேர்ந்தெடுக்கும் முறைக்குத் தகுந்தபடி பட்டன் எழுத்தை மாற்றலாம், இரண்டு வரிக் குறியீடுதான்.

---

ஒலிவழி எழுதியது:

மாறியது எனக்குத் தெரியாது. பட்டன் வரை போன பிறகுதான் கேட்கும். ஆனால் அது போதும் என்றுதான் நினைக்கிறேன். நான் முறையை மாற்றிய ஒவ்வொரு தடவையும் பக்கம் கத்தினால் அதுவும் தொல்லை.

---

குறுக்குவழி எழுதியது:

இரண்டுக்கும் பொதுவாக "ஆர்டர் செய்" என்று போட்டால் எல்லாம் முடிந்தது.

---

படிவக்காரி எழுதியது:

முடியும். ஆனால் உடனே பணம் போகிறவருக்கு அது குறைவாகச் சொல்கிறது. எனக்கு மாறும் பட்டன்தான் பிடிக்கும், குறுக்குவழி சொல்வதும் பெரிய தப்பில்லை.

---

தாள்மடிப்பு எழுதியது:

மாறும் பட்டனே போட்டுவிட்டேன், டெலிவரி வரியும் நடுப்பக்கத்துக்கு வந்துவிட்டது. கணக்குப் பார்க்க இன்னும் நாள் ஆகவில்லை. இந்த வாரம் "என் ஆர்டர் என்னாச்சு" என்று ஒரே ஒரு மின்னஞ்சல் வந்தது. பாதியில் நின்ற கூடைகளில் தேடினேன், இல்லை. ஆர்டர் ஒழுங்காகப் பதிவாகி, பணமும் வந்திருக்கிறது. நான்தான் அனுப்ப மறந்திருக்கிறேன்.